காயில் அக்காவின் கையெழுத்து

எரிந்துபோன மோட்டாரைத் திறந்தால் ஒரு வாடை வரும். கருகிய வார்னிஷ், உருகிய ரப்பர், ஊறிப்போன எண்ணெய் எல்லாம் சேர்ந்த அந்த வாடைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. காயில் அக்கா திருப்பமாட்டாள். மூடியைக் கழற்றிய கையோடு குனிந்து மூக்கை உள்ளே விட்டு, "இது தண்ணி இறங்கி எரிஞ்சது இல்ல. மூணு ஃபேஸ் கரன்ட்டுல ஒண்ணு போனது தெரியாம ஓட்டியிருக்கானுங்க" என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் அதுதான் சரியாகவும் இருக்கும்.

அப்படிப்பட்டவள் குடிநீர் வாரிய அலுவலகத்தில் ஒரு தாளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் தாளில் எந்த வாடையும் இல்லை. வெள்ளைவெளேரென்று இருந்தது. அடியில் அவளுடைய கையெழுத்து.

அவள் பெயர் அந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. பதினேழு வயதில் ஒரு ஃபேன் ரிப்பேர் கடையில் சுற்று எண்ணும் வேலைக்குச் சேர்ந்தாள். கையால் சுற்றும் மெஷினில் கம்பியை ஓட்டிக்கொண்டே எண்ண வேண்டும், நடுவில் யாராவது "மணி என்ன?" என்று கேட்டால் எண்ணிக்கை போய்விடும். அவளுக்குப் போகாது. கேள்விக்குப் பதிலும் சொல்வாள், சுற்றையும் விடமாட்டாள். கழற்றிக் கொண்டுவந்த மோட்டார்களை அந்தக் கடையில் இறக்கிவைக்க வந்த மெக்கானிக் ஒருவர், அவளைப் பேச்சுக் கொடுத்துக் குழப்பிப் பார்க்கலாம் என்று ஆறு மாதம் முயன்று, முடியாமல் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை வைத்தார்கள். கழற்றுவது, பூட்டுவது, பேரிங் மாற்றுவது அவர். சுற்றுவது, கட்டுவது, வார்னிஷ் ஊற்றுவது இவள். இப்போது கூட வேலை செய்ய இரண்டு பெண்கள். கம்பிச் சுருளைக் காயில் என்பார்கள்; அதைச் சுற்றுகிறவளுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் காயில் அக்கா. உண்மைப் பெயர் பட்டறையின் லெட்டர்பேடில் மட்டும் இருந்தது, 'உரிமையாளர்' என்பதற்கு மேலே. அந்த லெட்டர்பேடால்தான் இவ்வளவும்.

வாரியத்தின் எரிந்த பம்ப் மோட்டார்களுக்கு மறுபடி கம்பி சுற்றித் தரும் வருஷாந்தர ரீவைண்டிங் டெண்டர் வந்தபோது, "நாமளும் போட்டுப் பாப்பமா?" என்று ஆரம்பித்தவள் அவள்தான். அதுவரை வாரியத்து மோட்டார்களை யாரோ ஒரு கான்ட்ராக்டர் எடுத்து, பாதி விலைக்கு அவளிடம் சுற்றக் கொடுத்து, முழு விலைக்கு பில் போட்டுக்கொண்டிருந்தார். சுற்றுகிறவளே ஏன் போடக் கூடாது?

வைப்புத் தொகை எழுபத்தைந்தாயிரம். கையில் இல்லை. புருஷனின் தங்கை, ஆஸ்பத்திரியில் நர்ஸ், வீடு மாறுவதற்கு முன்பணமாகச் சேர்த்துவைத்திருந்ததைக் கொடுத்தாள். "மூணு நாலு மாசத்துல திரும்பிடும் இல்ல அண்ணி? அந்த வீட்டுக்காரர் அதுக்கு மேல காத்திருக்கமாட்டார்" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அதைக் காயில் அக்கா வங்கியில் தன் பெயரில் டெபாசிட்டாகப் போட்டு, ரசீதை வாரியத்துப் பொறியாளர் பெயருக்கு அடகு வைத்து டெண்டரோடு கொடுத்தாள். டெண்டர் கிடைக்காவிட்டால் ரசீது திரும்பிவிடும். கிடைத்து வேலையைச் செய்யமாட்டேன் என்றால் ரசீது அவர்களுக்கு.

கவரைப் பெட்டியில் போட்ட அன்று டெண்டர் பிரிவுக் கிளார்க் அவளைக் கூப்பிட்டார். அவருக்குச் சர்க்கரை என்று பெயர். வியாதி இல்லை, பேச்சு அப்படி. ஐம்பதைத் தாண்டியவர், நாற்பது வயதுக்காரியை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, லெட்டர்பேடு கொண்டாந்திருக்கீங்கல்ல? அதுல கொஞ்சம் கையெழுத்துப் போட்டுச் சீல் வெச்சுக் குடுத்துட்டுப் போங்க."

"எதுக்கு சார், வெத்துத் தாள்ல?"

"ஐய, ஏதாவது ஒரு உறுதிமொழி விட்டுப்போயிருக்கும், ஒரு விளக்கம் கேப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் நீங்க ரெண்டு பஸ் மாறி வரணுமா? நானே டைப் பண்ணிச் சேத்துடறேன். எல்லாரும் குடுக்கறதுதான். அந்த அலமாரில பாருங்க."

அலமாரியில் கான்ட்ராக்டர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு உறை. ஒன்றில் 'பெரிய பைப்' என்று பென்சிலில் எழுதியிருந்தது. குழாய் பதிக்கும் பெரிய கான்ட்ராக்டருக்கு அதுதான் செல்லப் பெயர். அவரே கொடுத்திருக்கிறார்! காயில் அக்காவுக்கு அந்த நேரத்தில் தோன்றியது சந்தேகம் அல்ல, பெருமை. தனக்கும் அங்கே ஒரு உறை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினாள். கம்பிச் சுற்றை எண்ணுகிறவள் தாளை எண்ணவில்லை.

டெண்டரைத் திறந்தார்கள். அவளுடைய விலைதான் குறைவு. திறந்த நாளிலிருந்து தொண்ணூறு நாள் அந்த விலை செல்லும். அதற்குள் பின்வாங்கினால் வைப்புத் தொகை போய்விடும். இது டெண்டர் புத்தகத்தில் பதினோராவது பக்கம். அதே பக்கத்தில், தொண்ணூறு நாளுக்குள் வாரியம் ஒப்புதல் கொடுக்காவிட்டால் கெடுவை நீட்டித் தரும்படி டெண்டர் போட்டவரிடம் எழுத்தில் கேட்கலாம் என்று இருந்தது. நீட்டிக்க மறுக்கிறவரின் தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது. காயில் அக்கா பத்தாவதைத் தாண்டவில்லை. ஆனால் படிக்க உட்கார்ந்தால் அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பாள்.

ஃபைல் மேலிடத்துக்குப் போனது. அங்கே தூங்கியது. ஐம்பதாவது நாளில் செம்பு விலை ஏற ஆரம்பித்தது. கம்பிக்கடைக்காரர் முதலில், "இந்த வாரம் கொஞ்சம் கூட" என்றார். அடுத்த வாரம், "இன்னைக்கு விலை இன்னைக்குத்தான், நாளைக்குக் கேக்காதீங்க" என்றார். எண்பதாவது நாளில் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருந்தது. டெண்டரில் விலை உயர்வுக்கு இடமே கிடையாது. ஒரு வருஷம் முழுக்க ஒரே விலை. இருபத்தைந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்றைச் சுற்றிக் கொடுத்தால், பட்டறையில் வேலை செய்யும் இரண்டு பெண்களின் ஒரு வாரச் சம்பளத்தைக் கையிலிருந்து போட வேண்டும். வாரியத்தில் அப்படி அறுபது மோட்டார் இருந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை. முன்னாலேயே விலகினால் நாத்தனார் பணம் போய்விடும். காலண்டரில் நாளை அடித்துக்கொண்டே வந்தாள். "பரீட்சை எழுதப் போற பிள்ளை மாதிரி இருக்கியே" என்று புருஷன் கிண்டல் செய்தார். தொண்ணூறாவது நாள் சாயங்காலம் அலுவலகம் மூடும்வரை ஒப்புதல் கடிதம் வரவில்லை. நீட்டிப்புக் கேட்டும் வரவில்லை. மறுநாள் காலை கதவு திறக்கும்போதே போய் நின்று, 'என் விலை செல்லும் காலம் நேற்றோடு முடிந்தது. நீட்டிக்க எனக்கு விருப்பமில்லை. வைப்பு ரசீதைத் திருப்பித் தரவும்' என்று கடிதம் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டு வந்தாள். வரும் வழியில் பேக்கரியில் நின்று பட்டறைக்கு பிஸ்கட் வாங்கினாள். அவ்வளவு நிம்மதி.

பன்னிரண்டு நாள் கழித்து ஒப்புதல் கடிதம் வந்தது. 'தங்கள் டெண்டர் ஏற்கப்பட்டது. பதினைந்து நாளுக்குள் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும். தவறினால் வைப்புத் தொகை பறிமுதல் செய்யப்பட்டு, தங்கள் நிறுவனம் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்படும்.'

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"சார், கெடு முடிஞ்சப்புறம் இது எப்படி? நான் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேனே."

"என்னக்கா இப்படிக் கேக்கறீங்க?" சர்க்கரை ஃபைலைப் புரட்டினார். "நீங்கதானே அறுபது நாள் நீட்டிச்சுக் குடுத்தீங்க?"

அந்தத் தாளைத்தான் அப்போது பார்த்தாள். 'தங்கள் வேண்டுகோளை ஏற்று, எனது விலையை மேலும் அறுபது நாட்களுக்கு மனமுவந்து நீட்டிக்கிறேன்.' எண்பத்தாறாவது நாளின் தேதி. மேலே அவளுடைய லெட்டர்பேடு, கீழே அவளுடைய கையெழுத்து, அவளுடைய சீல். மனமுவந்து! அந்த வார்த்தையை அவள் வாழ்நாளில் ஒரு தடவைகூட எழுதியதில்லை.

"இதை நான் எழுதலையே சார்."

"கையெழுத்து உங்களுது இல்லையா?"

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடையதேதான். சர்க்கரை குரலைத் தாழ்த்தினார். முகத்தில் அதே கனிவு.

"அக்கா, கேளுங்க. கெடு முடிஞ்சு போச்சுன்னா மறுபடி டெண்டர் விடணும். யாரால தாமதம்னு மேல கேப்பாங்க. இன்ஜினியர் சாருக்குத் தலைவலி. நீங்க நஷ்டத்தை நெனச்சுப் பயப்படறீங்க. நஷ்டம் வராம சுத்த வழி இல்லையா என்ன? செம்புக்குப் பதிலா அலுமினியக் கம்பி போடுங்க. மேல வார்னிஷ் ஊத்திட்டா எவன் கீறிப் பாக்கப் போறான்?"

"ஆறு மாசத்துல எரிஞ்சிடும் சார்."

"எரியட்டுமே. மறுபடி உங்ககிட்டத்தானே வரும்? மறுபடி பில்லு." கண்ணைச் சிமிட்டினார். "பொழைக்கத் தெரியாதவங்களா இருக்கீங்களேக்கா."

படியிறங்கும்போது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஆள் சொன்ன விஷயம்கூட இல்லை, சொன்ன தொனி. பக்கத்து வீட்டுக்காரி பருப்பு வேக ஒரு வழி சொல்வதுபோலச் சொன்னார். அந்த மோட்டார்கள் ஏற்றும் தண்ணீர்தான் அவர் வீட்டுக்கும் போகிறது. அதைப் பற்றியும் அவருக்கு ஒன்றுமில்லை. அதைவிடக் கேவலம், படியில் நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் அவள் மனது கணக்குப் போட்டுவிட்டது: அலுமினியம் போட்டால் எவ்வளவு மிஞ்சும் என்று. தன்னை அறியாமலேயே போட்டுவிட்டது. விடையும் வந்துவிட்டது. தூ என்று அவள் துப்பியது தரையில் விழுந்தாலும், அது யாருக்கானது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பட்டறையில் புருஷன் கதையைக் கேட்டதும் ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"போலீஸ்ல குடு. கையெழுத்து என்னுது இல்லன்னு சொல்லு. பொய்க் கையெழுத்துன்னு சொல்லு."

"என் கையெழுத்துதாங்க அது."

"உன்னுதுன்னு அவனுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

"ஒத்துப் பாத்தாத் தெரிஞ்சுடும். அப்புறம் பொய் சொன்னது நான்னு ஆயிடும். அவன் ஜெயிச்சுடுவான்."

"அப்போ தங்கச்சிகிட்ட என்ன சொல்றது? உன் வீடு வாரியத்துக்குப் போயிடுச்சுன்னா? ஏம்மா, நீ எதுக்கு வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டே? ஒரு மோட்டார் குடுத்தா டோக்கன் எழுதாம வாங்கமாட்டே. வெறும் தாளை மட்டும் அள்ளிக் குடுத்துட்டு வந்திருக்கே!"

இரண்டு பெண்களும் குனிந்த தலை நிமிராமல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கை மட்டும் நின்றிருந்தது.

மத்தியானம் சாப்பாட்டை மூடிவைத்தாள். டெண்டர் புத்தகத்தை மறுபடி எடுத்து அந்தப் பதினோராவது பக்கத்தைப் படித்தாள். 'எழுத்தில் கேட்கலாம்.' அப்படியானால் கேட்ட கடிதம் எங்கே? கேட்டிருந்தால் அனுப்பும் பதிவேட்டில் எண் இருக்கும். அவள் சம்மதம் போய்ச் சேர்ந்திருந்தால் வரும் பதிவேட்டில் எண் இருக்கும். ஃபைலில் இருந்த அந்தத் தாளில் தேதி முத்திரையே இல்லை. அவள் விலகல் கடிதத்தின் நகலில் மட்டும் பளிச்சென்று இருந்தது.

சரி, அந்தக் கேள்வியைக் கேட்கலாம். ஆனால் அவர்கள், "நேரில் கேட்டோம், நேரில் கொடுத்தாள்" என்று சொல்வார்கள். கையெழுத்து எப்படி அங்கே போனது என்பதை அவள் சொல்லாதவரை அந்தத் தாள் உண்மையாகத்தான் இருக்கும். சொன்னால் முதலில் நாறுவது அவள் பெயர். சொல்லாமலும் தப்பிக்க முடியாது, பொய் சொல்லியும் தப்பிக்க முடியாது. எஞ்சியிருந்தது ஒன்றுதான், அதுதான் எல்லாவற்றையும்விடக் கூச்சமாக இருந்தது.

எழுதினாள். லெட்டர்பேடில் அல்ல, கோடு போட்ட நோட்டுத்தாளில், கையால். 'டெண்டர் கொடுத்த அன்று, கிளார்க் கேட்டதன்பேரில், ஒன்றும் எழுதாத லெட்டர்பேடு தாள்களில் கையெழுத்துப் போட்டுச் சீல் வைத்துக் கொடுத்தது நான்தான். அது என் தவறு. அதில் டைப் செய்திருப்பது என்னுடையது அல்ல. நீட்டிப்புக் கேட்டு எனக்கு அனுப்பிய கடிதத்தின் எண்ணையும், என் சம்மதம் வந்து சேர்ந்த எண்ணையும் தெரிவிக்கவும். அவை இல்லாவிட்டால் என் வைப்பு ரசீதைத் திருப்பித் தரவும்.' ஒரு பிரதி பொறியாளருக்கு, ஒன்று மேலிடத்துக்கு. இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

நான்காம் நாள் பட்டறை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் பெரிய பைப். வணக்கமும் இல்லை, உட்காரவும் இல்லை.

"ஏம்மா, உனக்கு மூளை கீளை இருக்கா?"

"உக்காருங்கண்ணே. என்னாச்சு?"

"என்னாச்சா? உன் லெட்டரைப் பாத்துட்டு அலமாரியைத் தொறந்து காட்டுன்னு மேலேருந்து கேட்டுட்டாங்கன்னா? என் தாள் மட்டும் முப்பதுக்கு மேல கெடக்கு அங்க. உன் எழுபத்தஞ்சாயிரத்துக்காக எங்க எல்லாரையும் நடுத்தெருவுல நிறுத்தறியா?"

"உங்க பேரை நான் எழுதலையேண்ணே."

"நீ குளிக்கலன்னு ஒத்துக்கிட்டா போதும், நாத்தம் எல்லார் மேலயும்னு ஆயிடும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கும் நேரமில்லை அது. பட்டறைப் பெண்களில் ஒருத்தியும் சிரிப்பை அடக்கமுடியாமல் முகத்தை மெஷினுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பெரிய பைப்புக்கு முகம் சிவந்தது.

"சிரி. நல்லா சிரி. இனிமே இந்த ஊர்ல எந்த ஆபீஸ்ல கவர் போடறேன்னு பாக்கறேன்."

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "உங்க முப்பதுல என்னென்ன டைப் பண்ணியிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சட்டென்று திரும்பி நடந்தார். காருக்குப் போய் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினார். அவர் அத்தனை வருஷமாக அதை யோசித்ததே இல்லை என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது.

மறுநாள் பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். அறையில் அவரும் சர்க்கரையும் மட்டும். ஃபைல் மேஜையில் திறந்திருந்தது; அதன்மேல் அவளுடைய கோடு போட்ட தாள். பொறியாளர் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார், செத்த எலியைத் தூக்குவதுபோல.

"யாராவது இப்படி எழுதுவாங்களாம்மா? வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்னு? படிக்கறவங்க உன்னைப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"என்னைப் பத்தித்தான் சார் எழுதியிருக்கேன். நீங்க கேட்டு அனுப்பின லெட்டர் நம்பர் என்ன சார்?"

அவர் சர்க்கரையைப் பார்த்தார். சர்க்கரை தரையைப் பார்த்தார். நம்பர் இல்லை.

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டபோது குரல் மாறியிருந்தது.

"சரி, வளத்த வேணாம். கெடு முடிஞ்சுது, டெண்டர்தாரர் நீட்டிக்கல, ஒப்புதல் ரத்து, வைப்பு ரசீது விடுவிக்கப்படுதுன்னு நான் ஆர்டர் போட்டுடறேன். விதி அதைத்தான் சொல்லுது. நீ ஒண்ணு பண்ணு. இந்த லெட்டரை வாபஸ் வாங்கிக்க. மேல அனுப்பினதுக்கும் சேத்து ஒரு வரி எழுதிக் குடு: தவறான புரிதலால் எழுதிட்டேன்னு."

விதி சொல்வதைச் செய்வதற்கு அவளிடம் விலை கேட்கிறார்கள். அந்த ரசீது ஏற்கெனவே அவளுடையது. அதை அவளுக்கே விற்கிறார்கள். எழுந்து போய்விடலாம். மேலிடம் விசாரிக்கட்டும், அலமாரியைத் திறக்கட்டும். எத்தனை மாதம் ஆகும்? ஆறு? ஒரு வருஷம்? அதுவரை ரசீது ஃபைலில் கிடக்கும். நாத்தனாருக்கு அந்த வீட்டுக்காரர் வாரக் கடைசிவரைதான் தவணை கொடுத்திருக்கிறார். 'மூணு நாலு மாசத்துல திரும்பிடும் இல்ல அண்ணி?' ஒரே ஒரு தடவை கேட்டவள் மறுபடி கேட்காமல் இருப்பதுதான் காதுக்குள் குடைந்தது.

"தவறான புரிதல்னு எழுதமாட்டேன் சார்" என்றாள். "எனக்குச் சரியாத்தான் புரிஞ்சுது."

"அப்போ என்னதான் எழுதுவே?"

"ரசீது கெடச்சிடுச்சு, மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம்னு எழுதறேன். முதல்ல ரசீது. அப்புறம் கடிதம்."

பொறியாளருக்கு ஏதோ சிரிப்பு வந்தது. "பொம்பளை உஷாரு" என்று சர்க்கரையிடம் சொன்னார். அந்தப் பாராட்டு அவள் மேல் ஈரமாக ஒட்டியது.

ரசீதின் பின்பக்கம் 'விடுவிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். வங்கிக்கு ஒரு கடிதமும் தந்தார். அவள் இரண்டையும் படித்தாள், தேதியைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள். அதன்பிறகு தான் சொன்ன அந்த ஒரு வரியை எழுதினாள். மீதமிருந்த வெற்றிடத்தில் மூலைக்கு மூலை கோடு இழுத்தாள். பெரிய வீரமாக ஒன்றும் தோன்றவில்லை. உண்மையை எழுதியதும் இந்தக் கைதான், அதை மூடியதும் இந்தக் கைதான். 'புரிதல்' என்ற ஒரு வார்த்தையை எழுதாததால் இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் வந்துவிடுமா? மேலிடத்துக்குப் போன அவள் கடிதத்தின்மேல் இந்த வரியை வைத்துக் கட்டி எங்காவது அடுக்குவார்கள். அலமாரி அப்படியே இருக்கும். நாளைக்கு எவனோ ஒருவன் வாரியத்து மோட்டாரில் அலுமினியம் சுற்றுவான். அதைத் தடுக்கத் தன்னால் முடிந்ததைச் செய்தேன் என்று அவளால் சொல்லிக்கொள்ள முடியாது. முடிந்ததைச் செய்யவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும், ஃபைலோடு பின்னால் வந்த சர்க்கரையிடம் கை நீட்டினாள்.

"என் தாளைக் குடுங்க சார்."

"எந்தத் தாள்?"

"கையெழுத்துப் போட்டது. ஃபைல்ல இருந்ததும் வேணும், மீதியும் வேணும்."

"ஓ, அதுவா. அக்காவுக்கு இல்லாததா?" அந்த ஆளின் முகத்தில் நடந்தது எதுவும் நடக்காததுபோல ஒரு மலர்ச்சி. அலமாரியிலிருந்து உறையை எடுத்து, ஃபைலிலிருந்து உருவிய அந்த 'மனமுவந்து' தாளையும் சேர்த்து மேஜையில் தட்டிச் சீர்செய்து நீட்டினார். "இந்தாங்க. எண்ணிக்குங்க."

எண்ணினாள். டைப் செய்தது ஒன்று, வெற்றுத் தாள் ஐந்து.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதானே குடுத்தீங்க?"

எத்தனை கொடுத்தாள்? எட்டா? பத்தா? அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டது ஞாபகம் இருந்தது. பேனா நன்றாக ஓடியது ஞாபகம் இருந்தது. அவர் "போதும்க்கா" என்று சொன்னதுகூட ஞாபகம் இருந்தது. எண்ணிக்கை மட்டும் இல்லை. சர்க்கரைக்கு அது தெரிந்திருந்தது. அவர் கண்ணிலேயே தெரிந்தது. அவர் அவளைவிட நிதானமாகச் சிரித்தார்.

"டீ சாப்பிடறீங்களாக்கா?"

தாள்களை அங்கேயே கிழித்தாள். குப்பைக்கூடை அவர் காலடியில் இருந்தது. அதில் போடாமல் துண்டுகளையும் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தாள்.

வங்கி இரண்டு தெரு தள்ளி. கவுண்டரில் இருந்த பெண் ரசீதைத் திருப்பிப் பார்த்து, கடிதத்தை ஒத்துப் பார்த்து, அடகைக் கம்ப்யூட்டரில் நீக்கினாள். டெபாசிட்டை முடித்துப் பணத்தை நாத்தனார் கணக்குக்கு மாற்றச் சொல்லிப் படிவம் நிரப்பினாள் காயில் அக்கா. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்ததும் கை நின்றது. கூச்சம், வழுக்கலான எதையோ தொடப் போவதுபோல. ஒருவழியாகப் போட்டு நீட்டினாள்.

"நாளைக்குள்ள ஏறிடும்மா" என்றாள் அந்தப் பெண். "வேற ஏதாவது?"

"கையெழுத்தை மாத்தணும்மா. அதுக்கு ஏதாவது படிவம் இருக்கா?"

"இருக்கு. ஏம்மா, எழுத முடியலையா? கையில ஏதாவது அடிபட்டுச்சா?"

"கை நல்லாத்தான் இருக்கு" என்றாள் காயில் அக்கா. "பழையது அங்கங்க கெடக்கு. எத்தனைன்னு எனக்கே தெரியல."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. படிவத்தை எடுத்துத் தந்தாள். பழைய கையெழுத்துக்கு ஒரு கட்டம், புதியதற்கு மூன்று கட்டம். காயில் அக்கா ஓரமாகப் போய் நின்று, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில், இருபத்து மூன்று வருஷமாகக் கம்பி சுற்றிய கையால், தன் பெயரை வேறு மாதிரி எழுதிப் பார்க்க ஆரம்பித்தாள்.